இரு விகிதங்களிலிருந்தும் காணாமற்போகும் 40 கோடி

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நடப்பு விகிதமும் கடன்–பங்கு விகிதமும் பொதுவாக இரண்டு இடங்களில் வருகின்றன. ஒன்று, நிதிநிலை அறிக்கைகளோடு இணைந்த குறிப்புகளில். மற்றொன்று, அவற்றுக்குப் பல பக்கங்கள் முன்னதாக, நிர்வாகத்தின் விவாதமும் பகுப்பாய்வும் என்ற உரைப்பகுதியில். முன்னது தணிக்கைக்கு உட்பட்டது. பின்னது அவ்வாறு தணிக்கை செய்யப்படுவதில்லை. ஆயினும் முதுகலைத் திட்டக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் மேற்கோளாக ஏறுவது பெரும்பாலும் உரைப்பகுதியின் எண்ணே. அது முன்னால் இருக்கிறது, வாக்கியமாக இருக்கிறது, விளக்கத்தோடு வருகிறது. இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து அவ்விரு எண்களையும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஒரே ஓர் இனத்தைப் பின்தொடர்ந்து காட்டிவிடலாம். அந்த இனம், நீண்டகாலக் கடனில் அடுத்த 12 மாதங்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டிய தவணை.

முதலில் விதிகளின் நிலை. நிறுமங்கள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை 2021 மார்ச்சில் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நடப்பு விகிதம், கடன்–பங்கு விகிதம் உள்ளிட்ட 11 விகிதங்களைக் கணக்குக் குறிப்புகளில் தர வேண்டும். தொகுதியிலும் பகுதியிலும் எவை சேர்க்கப்பட்டன என்று சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டை விட 25 விழுக்காட்டுக்கு மேல் மாறிய விகிதத்துக்குக் காரணம் கூற வேண்டும். உரைப்பகுதியை ஆள்வது வேறொரு விதி. செபியின் பட்டியலிடல் ஒழுங்குமுறைகளில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தம், இவ்விரண்டு உட்பட முதன்மையான சில விகிதங்கள் 25 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாறினால் அதை விளக்கத்தோடு உரைப்பகுதியில் சொல்லப் பணிக்கிறது. ஆனால் விகிதத்தை எந்தச் சூத்திரத்தால் கணக்கிட வேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. ஒரே அறிக்கையில் ஒரே பெயருடைய விகிதம் இரு வேறு எண்களோடு வாழ்வதற்கான இடம் இங்கேதான் உருவாகிறது.

கற்பனையாக ஓர் உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் யாவும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. தொகைகள் கோடி ரூபாயில். நடப்பாண்டின் மார்ச் 31 அன்று அதன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து தேவையானவை மட்டும் இவை:

பங்குதாரர் நிதி: 300
நீண்டகாலக் கடன்: 150
நடப்புச் சொத்துகள்: 375
நடப்புப் பொறுப்புகள்: 300

நடப்புப் பொறுப்புகளின் 300 கோடி இவ்வாறு பிரிகிறது:

குறுகியகாலக் கடன்: 120 (வங்கி நடைமுறை மூலதனக் கடன் 80, நீண்டகாலக் கடனில் ஓராண்டுக்குள் முதிரும் தவணை 40)
குத்தகைப் பொறுப்பு: 10
வணிகக் கடனீந்தோர்: 130
பிற நிதிப் பொறுப்புகள்: 20
பிற நடப்புப் பொறுப்புகள்: 15
ஒதுக்கங்கள்: 5

உரைப்பகுதி சொல்வது இது: நடப்பு விகிதம் 1.44, முந்தைய ஆண்டில் 1.46, கடன்–பங்கு விகிதம் 0.50, முந்தைய ஆண்டிலும் 0.50, நிறுவனத்தின் நீர்மைத்தன்மையும் மூலதனக் கட்டமைப்பும் நிலையாக உள்ளன.

கணக்கிடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு; அதைத் தவிர்ப்பவர்கள் இல்லாத பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பு ஒன்றல்ல. தனி நிறுவனத்துக்கு ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு ஒன்று. உரைப்பகுதி ஒருங்கிணைந்த எண்ணைப் பேசும்போது தனிக் கணக்கிலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டால் இரண்டும் ஒத்துவராதது பிழையாகாது. இங்கே இரண்டும் தனிக் கணக்கையே குறிக்கின்றன என்று கொள்வோம்.

இனி நடப்பு விகிதம். 375-ஐ 300-ஆல் வகுத்தால் 1.25. உரைப்பகுதி சொல்வது 1.44. இந்த இடைவெளி முழுமையாக்கலால் வரக்கூடியதன்று. இங்கே பலரும் "எண் தவறு" என்று குறித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அடுத்த கேள்வியே பயன் தருவது: எந்தப் பகுதியால் வகுத்தால் 1.44 வரும்? 375-ஐ 1.44-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 260 கிடைக்கிறது. எனவே நடப்புப் பொறுப்புகளிலிருந்து ஏறத்தாழ 40 கோடி வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. 1.44 என்பது இரு தசமத்துக்கு முழுமையாக்கப்பட்ட எண் என்பதால் உண்மையான மதிப்பு 1.435-க்கும் 1.445-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அதற்கேற்ப விடுபட்ட தொகையும் 38.7 கோடிக்கும் 40.5 கோடிக்கும் இடையில் அமையும்.

பட்டியலில் 40 கோடி என்ற தொகை கண்ணில் படுகிறது: ஓராண்டுக்குள் முதிரும் தவணை. ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பிற நிதிப் பொறுப்புகள் 20, பிற நடப்புப் பொறுப்புகள் 15, ஒதுக்கங்கள் 5 ஆகியவற்றைக் கூட்டினாலும் 40 வருகிறது. வணிகக் கடனும் வாங்கிய கடனும் மட்டுமே பொறுப்பு என்று கருதி, மற்ற சிறு இனங்களை ஒருவர் விட்டிருக்கலாம். ஓர் எண் பொருந்துகிறது என்பதாலேயே காரணம் நிறுவப்பட்டுவிடாது. பொருத்தத்தைச் சோதிக்க இரண்டாவது சான்று வேண்டும். அந்தச் சான்று அதே இருப்புநிலைக் குறிப்பின் அடுத்த பத்தியில், முந்தைய ஆண்டின் எண்களில் இருக்கிறது.

முந்தைய ஆண்டில் நடப்புச் சொத்துகள் 364, நடப்புப் பொறுப்புகள் 260. அப்போது ஓராண்டுக்குள் முதிரும் தவணை 10 மட்டுமே. மேற்சொன்ன சிறு இனங்கள் மூன்றும் சேர்ந்து 46. சிறு இனங்களை விட்டால் 364-ஐ 214-ஆல் வகுக்க வேண்டும், விடை 1.70. தவணையை விட்டால் 364-ஐ 250-ஆல் வகுக்க வேண்டும், விடை 1.456, அதாவது 1.46. உரைப்பகுதி முந்தைய ஆண்டுக்குச் சொன்னதும் 1.46. இப்போது விடுபட்டது எது என்பதில் ஐயமில்லை. ஒன்றும் விடாமல் கணக்கிட்டால் முந்தைய ஆண்டின் நடப்பு விகிதம் 1.40. அது 1.25-க்கு இறங்கியிருக்கிறது. உரைப்பகுதியோ 1.46 என்பது 1.44 ஆனதாக மட்டுமே காட்டுகிறது.

கடன்–பங்கு விகிதத்தையும் அவ்வாறே பின்னோக்கிக் கணக்கிடலாம். 0.50-ஐப் பங்குதாரர் நிதி 300-ஆல் பெருக்கினால் 150. இருப்புநிலைக் குறிப்பில் நடப்பல்லாத பொறுப்புகளின் கீழ் உள்ள நீண்டகாலக் கடன் அதுவே. முந்தைய ஆண்டில் நீண்டகாலக் கடன் 140, பங்குதாரர் நிதி 280. விடை மீண்டும் 0.50. ஆக, உரைப்பகுதி கடன் என்று கருதியது நடப்பல்லாத தலைப்பின் கீழ் உள்ளதை மட்டுமே. ஆனால் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வழிகாட்டுக் குறிப்பு இந்த விகிதத்தின் தொகுதியாகக் காட்டுவது மொத்தக் கடனை. 150-உடன் குறுகியகாலக் கடன் 120-ஐச் சேர்த்தால் 270, விகிதம் 0.90. முந்தைய ஆண்டில் 140-உடன் 56-ஐச் சேர்த்து 280-ஆல் வகுத்தால் 0.70.

இரு விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மையான சிக்கல் புலப்படுகிறது. நடப்பு விகிதத்தைக் கணக்கிடும்போது அந்த 40 கோடி "நீண்டகாலக் கடனின் ஒரு பகுதி" என்பதால் விலக்கப்பட்டது. கடன்–பங்கு விகிதத்தைக் கணக்கிடும்போது அதே 40 கோடி "நடப்புப் பொறுப்புகளின் கீழ் உள்ளது" என்பதால் விலக்கப்பட்டது. ஒவ்வொரு விலக்கும் தனித்தனியே பார்த்தால் ஒரு வாதத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் வாதமே இல்லை. வங்கிக்கு அடுத்த ஆண்டில் கட்டியே ஆக வேண்டிய 40 கோடி, நிறுவனத்தின் நீர்மைத்தன்மையைச் சொல்லும் எண்ணிலும் இல்லை, அதன் கடன் சுமையைச் சொல்லும் எண்ணிலும் இல்லை.

அந்தத் தவணை ஓராண்டில் 10-லிருந்து 40 ஆனது ஏன் என்பதையும் இருப்புநிலைக் குறிப்பே ஓரளவு சொல்லிவிடும். காலக்கடன்களுக்குத் தொடக்கத்தில் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத சலுகைக் காலம் உண்டு. அது முடிந்தபின் தவணைகள் நடப்புப் பொறுப்புக்கு நகரும். முந்தைய ஆண்டின் நீண்டகாலக் கடன் 140-இல் 40 இவ்வாறு நகர்ந்தால் எஞ்சுவது 100. நடப்பாண்டு இறுதியில் அது 150. எனவே, வேறு சரிக்கட்டல்கள் இல்லையெனில், ஆண்டுக்குள் புதிதாக 50 கோடி நீண்டகாலக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. பணப்பாய்வு அறிக்கையில் கடன் பெற்ற வரவைப் பார்த்து இதை உறுதிசெய்யலாம். வங்கியின் நடைமுறை மூலதனக் கடனும் 46-லிருந்து 80-க்கு ஏறியிருக்கிறது. இவ்வளவும் நடந்த ஓர் ஆண்டைத்தான் 0.50, 0.50 என்ற இரு எண்கள் நிலையான ஆண்டாகக் காட்டுகின்றன.

இதன் விளைவு எண்ணோடு நிற்பதில்லை. 0.70-லிருந்து 0.90-க்கு ஏறியது 28.6 விழுக்காட்டு மாற்றம். அது 25 விழுக்காட்டு வரம்பைத் தாண்டுகிறது; நிர்வாகம் காரணம் கூறியாக வேண்டும். 0.50-லிருந்து 0.50 என்றால் மாற்றம் சுழியம். உரைப்பகுதியில் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததாலேயே விளக்கமளிக்கும் கடமை மறைந்துபோகிறது. நடப்பு விகிதத்திலும் இதைப் போன்ற ஒரு கோடு உண்டு. 1975-இல் அறிக்கை தந்த டாண்டன் குழு, தன் இரண்டாம் கடன்வழங்கு முறையில், நடப்புச் சொத்துகளில் குறைந்தது கால் பங்கு நீண்டகால நிதியிலிருந்து வர வேண்டும் என்றது. மீதி முக்கால் பங்கே நடப்புப் பொறுப்பாகலாம். 100-ஐ 75-ஆல் வகுத்தால் வரும் 1.33 இன்றும் வங்கியாளர் மனத்தில் நிற்கும் அளவுகோல். 1.44 அதைத் தாண்டுகிறது, 1.25 தாண்டவில்லை. இந்த நிறுவனத்தை "போதிய நீர்மைத்தன்மை உடையது" என்ற வகையில் சேர்க்கும் ஆய்வேடு, கோட்டின் தவறான பக்கத்தில் அதை வைத்துவிடுகிறது.

நிர்வாகத்தின் தரப்பில் ஒரு நேர்மையான வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. காலக்கடன் தவணை அடுத்த ஆண்டின் லாபத்திலிருந்தும் தேய்மானத்தால் மிஞ்சும் பணத்திலிருந்தும் கட்டப்படுவது. இன்றைய சரக்கிருப்பையும் வரவேண்டிய கடன்களையும் காசாக்கிக் கட்டப்படுவதன்று. ஆகவே அன்றாட வணிகச் சுழற்சியின் நீர்மையை அளக்கும்போது அதை விலக்குவது பொருத்தம் என்பது அந்த வாதம். ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்வாறு விலக்குபவர் அத்தவணையை நீண்டகாலக் கடனோடு சேர்த்துக் கடன்–பங்கு விகிதத்தில் காட்டியாக வேண்டும். அப்போது 190-ஐ 300-ஆல் வகுத்து 0.63 என்று சொல்லியிருப்பார், 0.50 என்றல்ல. முந்தைய ஆண்டுக்கு 150-ஐ 280-ஆல் வகுத்து 0.54 என்றிருப்பார். ஏற்றம் அப்போதும் தெரிந்திருக்கும். வரையறைகள் பலவாக இருக்கலாம். ஒரு பொறுப்பு இரண்டு விகிதங்களில் ஒன்றிலாவது இடம்பெற்றாக வேண்டும் என்பது வரையறையைச் சார்ந்ததன்று. குத்தகைப் பொறுப்பிலும் இதே அளவுகோல் போதும். அதைக் கடனில் சேர்ப்போரும் உண்டு, சேர்க்காதோரும் உண்டு. நடப்பல்லாத குத்தகைப் பொறுப்பு 30 என்று கொண்டு, நடப்புப் பகுதி 10-ஐயும் கூட்டினால் இந்நிறுவனத்தின் விகிதம் 1.03 ஆகும். எதைச் செய்தாலும் சொல்லிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் அதையே செய்தால் வாசகர் தம் கணக்கைத் தாமே சரிசெய்துகொள்வார்.

ஆய்வாளர்களுக்கு இதே இனம் மற்றொரு குழியையும் வைத்திருக்கிறது. 2021 திருத்தத்துக்கு முன், ஓராண்டுக்குள் முதிரும் தவணை கடன் என்ற தலைப்பின் கீழ் வரவில்லை. பிற நடப்புப் பொறுப்புகளிலோ பிற நிதிப் பொறுப்புகளிலோ அடங்கியிருந்தது. திருத்தத்துக்குப் பின் அது குறுகியகாலக் கடனுக்குள் தனியே காட்டப்படுகிறது. பத்தாண்டுத் தரவில் இருப்புநிலைக் குறிப்பின் முகப்பிலுள்ள நீண்டகாலக் கடனையும் குறுகியகாலக் கடனையும் மட்டும் கூட்டி "மொத்தக் கடன்" என்று எடுத்தவர்களின் தொடரில், 2021-ஐ ஒட்டி ஒரு திடீர் ஏற்றம் தோன்றும். அது நிறுவனங்கள் கடன் வாங்கியதால் வந்ததன்று. ஒரு வரி இடம்பெயர்ந்ததால் வந்தது. அதைப் பெருந்தொற்றின் விளைவு என்று விளக்கி எழுதிவிடுவது எளிது. முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளைத் திறந்து தவணையைத் தேடி எடுத்துச் சேர்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

மீள்கணக்கீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இருப்புநிலைக் குறிப்பும் உரைப்பகுதியும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே அது காட்டும். இருப்புநிலைக் குறிப்பு அந்த ஒரு நாளுக்காக ஒப்பனை செய்யப்பட்டதா என்பதைக் காட்டாது. இதே நிறுவனம் மார்ச் இறுதி வாரத்தில் வாடிக்கையாளரிடமிருந்து 100 கோடியை விரைந்து வசூலித்து, அதைக் கொண்டே வணிகக் கடனீந்தோருக்குச் செலுத்தியிருந்தால், நடப்புச் சொத்துகள் 275, நடப்புப் பொறுப்புகள் 200 ஆகியிருக்கும். விகிதம் 1.25-லிருந்து 1.38-க்கு ஏறியிருக்கும். மீள்கணக்கீடும் 1.38 என்றே சொல்லும். பிழை எதுவும் தட்டுப்படாது. அதைப் பிடிக்கக் காலாண்டு எண்களும் வசூல் நாட்களும் வேண்டும்.

உரைப்பகுதியைத் தணிக்கையாளர் பார்த்திருப்பாரே என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். எஸ்.ஏ. 720 என்ற தணிக்கைத் தரநிலை, ஆண்டறிக்கையின் பிற தகவல்களைத் தணிக்கையாளர் வாசித்து, அவை நிதிநிலை அறிக்கைகளோடு பெரிய அளவில் முரண்படுகின்றனவா என்று கருதிப் பார்க்கச் சொல்கிறது. அத்தகவல்களைத் தணிக்கை செய்யச் சொல்லவில்லை. "எங்கள் சூத்திரம் வேறு" என்ற ஒற்றை விடை முரண்பாட்டை வேறுபாடாக மாற்றிவிடும்.

ஆகவே கோரத்தக்கவை மூன்று. உரைப்பகுதியில் வரும் விகிதம் கணக்குக் குறிப்பில் வரும் விகிதமாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் சூத்திரமும், ஓர் எண்ணிலிருந்து மற்ற எண்ணுக்குச் செல்லும் கணக்கும் அதே பக்கத்தில் தரப்பட வேண்டும் என்று செபியின் விதி சொல்ல வேண்டும். வகுப்பறையில் நடப்புப் பொறுப்பு இவ்வளவு, நீண்டகாலக் கடன் இவ்வளவு என்று தொகுத்துத் தரும் கணக்குகளோடு, முழு ஆண்டறிக்கை ஒன்றையும் மாணவர் கையில் கொடுத்து, உரைப்பகுதியின் எண் எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். தொகுத்துத் தந்த கணக்கில் முதிரும் தவணை எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை. ஆய்வேட்டைத் தேர்வு செய்வோர், விகித அட்டவணையின் அடியில் தொகுதியிலும் பகுதியிலும் எந்த வரிகள் உள்ளன என்ற ஒற்றை வாக்கியம் இல்லையெனில், அந்த அட்டவணையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த வாக்கியத்தை எழுத முயலும் மாணவர், எழுதும்போதே அந்த 40 கோடியைச் சந்தித்துவிடுவார். அதை எந்த விகிதத்தில் வைப்பது என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.